டீ அடுப்பிலிருந்து தொடங்கலாம்

19 கிலோ வணிகச் சிலிண்டர் ஒன்றில் எத்தனை யூனிட் சூடு இருக்கிறது? எரிவாயுவைக் கிலோ கணக்கில் வாங்குகிறோம், மின்சாரத்தை யூனிட் கணக்கில் வாங்குகிறோம். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவராமல் எது மலிவு என்று பேச முடியாது. ஒரு கிலோ எல்பிஜி முழுமையாக எரிந்தால் ஏறக்குறைய 12.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சூடு கிடைக்கும். அப்படியானால் ஒரு வணிகச் சிலிண்டரில் சுமார் 240 யூனிட் சூடு இருக்கிறது. சிலிண்டர் விலை 1,900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு யூனிட் எட்டு ரூபாய்க்குச் சற்றுக் கீழே வரும். தமிழ்நாட்டில் ஓட்டல்களுக்கான வணிக மின்கட்டணம் வரியோடு சேர்த்து யூனிட்டுக்குப் பத்து ரூபாயைத் தாண்டிவிடுகிறது. இங்கே 10.50 என்று எடுத்துக்கொள்வோம்.

எட்டு ரூபாயா, பத்தரை ரூபாயா என்று கேட்டால் எவரும் எரிவாயுவைத்தான் சொல்வார்கள். பல ஓட்டல் உரிமையாளர்களின் கணக்கு இந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது. ஆனால் இது அடுப்புக்குள் போகும் சூட்டின் விலை. சாம்பாருக்குள் போகும் சூட்டின் விலை வேறு. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு வீணாகிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அந்த வீணை ஒவ்வொரு அடுப்பிலும் தனித்தனியாக அளக்கலாம், அளக்கவும் வேண்டும்.

எரிவாயுச் சுடர் முதலில் காற்றைச் சூடாக்குகிறது. அந்தச் சூடான காற்று பாத்திரத்தின் அடியைத் தொட்டுச் சூட்டில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு, மீதியோடு பக்கவாட்டில் ஏறி வெளியேறிவிடும். எரிந்த வாயு பாத்திரத்தை விட்டு விலகும்போதும் நல்ல கொதிசூட்டில்தான் இருக்கும். இண்டக்‌ஷனில் இந்த இடைத்தரகு கிடையாது. கண்ணாடித் தட்டுக்கு அடியில் இருக்கும் செம்புச் சுருளில் நொடிக்கு இருபதாயிரம் முறைக்கு மேல் திசை மாறும் மின்சாரம் ஓடுகிறது. அது உண்டாக்கும் காந்தப்புலம் பாத்திரத்தின் அடித்தகட்டில் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டுகிறது. மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்த மின்தூண்டல்தான் இது. அந்த ஓட்டத்துக்கு இரும்பு காட்டும் தடையினால் சூடு பாத்திரத்தின் அடியிலேயே பிறக்கிறது. கண்ணாடித் தட்டு சுடுவதுகூடப் பாத்திரத்திடமிருந்து திரும்பி வந்த சூட்டினால்தான்.

எந்த அடுப்பில் எவ்வளவு வீணாகிறது என்பதை அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. பத்து கிராம் வரை காட்டும் மேடைத் தராசும் ஒரு வெப்பமானியும் போதும். சிலிண்டரைத் தராசின்மேல் நிறுத்தி எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றாடம் சாம்பார் வைக்கும் அதே பாத்திரத்தில் 20 லிட்டர் தண்ணீர் ஊற்றி மூடிபோட்டு, 30 டிகிரியிலிருந்து 90 டிகிரி வரை சூடாக்குங்கள். கொதிக்க விட வேண்டாம். கொதி வந்தால் ஆவியோடு போகும் சூடு கணக்கைக் குழப்பிவிடும். தண்ணீருக்குள் போன சூடு சுமார் 1.4 யூனிட். சிலிண்டர் 260 கிராம் குறைந்திருந்தால் எரிந்தது 3.3 யூனிட். ஆகவே அந்த அடுப்பின் திறன் 42 சதவீதம். சாதாரண ஓட்டல் அடுப்பில் பெரிய பாத்திரம் வைத்தால் இதையொட்டி வரும் எண் வியப்பளிக்காது. இதே சோதனையை இண்டக்‌ஷன் அடுப்பில் செய்து மின் அளவியைப் பார்த்தால் 1.65 யூனிட் ஓடியிருக்கும். அதாவது 85 சதவீதம்.

இப்போது வகுத்துப் பார்க்கலாம். எரிவாயுவில் பாத்திரத்துக்குள் போகும் ஒரு யூனிட் சூடு ஏறக்குறைய 19 ரூபாய். இண்டக்‌ஷனில் அதே சூடு 12 ரூபாய் 35 காசு. கணக்கு தலைகீழாக மாறிவிட்டது. எரிவாயு அடுப்பின் திறன் 64 சதவீதத்தைத் தொட்டால்தான் இரண்டும் சமமாகும். திறந்த ஓட்டல் அடுப்புகள் அந்த உயரத்தை எட்டுவது அரிது.

இந்த 64 நிலையான எண் அல்ல என்பதை மறக்கக் கூடாது. வணிகச் சிலிண்டரின் விலை மாதத்தின் முதல் தேதியில் மாறுகிறது. சென்னையில் 2022 மே மாதம் அது 2,500 ரூபாயைத் தாண்டியது. அந்த விலையில் சமநிலைக்கு எரிவாயு அடுப்பின் திறன் 84 சதவீதம் வேண்டும். எந்த பர்னராலும் முடியாத காரியம் அது. மாறாக விலை 1,500க்கு இறங்கினால் 51 சதவீதமே போதும். அப்போது நன்றாகப் பராமரித்த அடுப்பில் அகலமான அடிகொண்ட பாத்திரம் இருந்தால் எரிவாயு கிட்டத்தட்ட ஈடுகொடுத்துவிடும். இந்த மாத விலையை மட்டும் பார்த்து முதலீடு செய்வது தவறு என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

இதுவரை பேசியது ஓர் அடுப்பைப் பற்றி. ஓட்டல் சமையலறை என்பது ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்தாறு அடுப்புகளின் கூட்டம். அதனால்தான் சமையலறை முழுவதையும் மாற்றலாமா வேண்டாமா என்ற கேள்வியே பிழையானது என்று நினைக்கிறேன். கணக்குக்காக நடுத்தரமான ஒரு மெஸ்ஸை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு ஒரு சிலிண்டர், அதாவது 19 கிலோ எரிகிறது. ஒவ்வோர் அடுப்புக்கும் தனிச் சிலிண்டரைத் தராசில் வைத்து ஒரு வாரம் எடை பார்த்ததில், சோறு, சாம்பார், ரசம் வைக்கும் பெரிய அடுப்புகளுக்கு 6 கிலோ, தோசைக்கல்லுக்கு 5, இட்லி கொப்பரைக்கு 3, பூரியும் வடையும் போடும் எண்ணெய்ச் சட்டிக்கு 3, டீ அடுப்புக்கு 2 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

பெரும்பாலானவர்கள் மாற்றத்தைப் பெரிய அடுப்பிலிருந்து தொடங்குவார்கள். அதிகமாக எரிவது அதுதானே என்பார்கள். கணக்கு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 6 கிலோவுக்கு நாள் செலவு 600 ரூபாய். 42 சதவீதத் திறனில் பாத்திரத்துக்குள் போனது 32 யூனிட். அதே சூட்டைக் கொடுக்க இண்டக்‌ஷனுக்கு 38 யூனிட், அதாவது 400 ரூபாய் ஆகும். நாளுக்கு 200 ரூபாய் மிச்சம், மாதத்துக்கு 6,000. ஆனால் இந்த வேலைக்கு 15 கிலோவாட் அளவு கூடுதல் மின்பளு தேவைப்படும். ஒப்பந்த மின்பளுவின் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும், பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும், மாதம் 100 ரூபாய்க்குச் சற்று மேல் நிலைக்கட்டணம் உண்டு. அதில் 1,650 ரூபாய் போய்விட்டால் மிஞ்சுவது 4,350. அடுப்பு, புதிய பாத்திரங்கள், மூன்று பேஸ் வயரிங் எல்லாம் சேர்த்து இரண்டரை லட்சம் ஆகிறது என்றால், போட்ட பணம் திரும்ப ஏறக்குறைய ஐந்து ஆண்டு ஆகும். அதற்குள் ஒரு முறையாவது கண்ணாடியோ மின்னணுப் பலகையோ பழுதாகும் என்று எதிர்பார்ப்பதே நியாயம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த 42 சதவீதமே பழைய, அடைப்பு விழுந்த பர்னரின் எண்ணாக இருக்கலாம். சுடர் மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் காற்றுக் கலப்பு சரியில்லை என்று பொருள். பர்னரைச் சுத்தம் செய்து, பாத்திரத்துக்கும் சுடருக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்து, சுடர் அடியைவிட்டு வெளியே வழியாதபடி அளவான பாத்திரம் வைத்தால் திறன் 55 சதவீதத்துக்கு ஏறக்கூடும். அங்கிருந்து இண்டக்‌ஷனுக்கு மாறினால் கிடைக்கும் மிச்சம் நாளுக்கு 60 ரூபாய்தான். நிலைக்கட்டணம் போக மாதம் 200 ரூபாய்கூடத் தேறாது. ஆகவே முதலில் பர்னரைச் சரிசெய்து மறுபடி எடைபோட வேண்டும். அதற்குப் பிறகுதான் விலைப்பட்டியலைக் கையில் எடுக்கலாம்.

இப்போது யாரும் பொருட்படுத்தாத டீ அடுப்புக்கு வருவோம். காலை ஐந்தரைக்குப் பற்றவைத்தால் இரவு வரை அணையாத அடுப்பு அது. பெரும்பாலும் சிம்மில்தான் இருக்கும், அதனால் செலவே இல்லாததுபோலத் தோன்றும். நாளுக்கு 250 டீ என்றால் சுமார் 30 லிட்டர் திரவத்தைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு இரண்டரை யூனிட் போதும். மற்ற நேரமெல்லாம் பாலும் வெந்நீரும் ஆறாமல் இருக்கப் பாத்திரத்தின் சுவர்வழி போகும் சூட்டை ஈடுசெய்வதுதான் வேலை. அது மூன்றரை யூனிட் என்று கொள்ளலாம். ஆக மொத்தம் 6 யூனிட் சூடு தேவைப்படும் இடத்தில் 2 கிலோ, அதாவது 25 யூனிட் எரிகிறது. திறன் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. சின்னப் பாத்திரமும் நீண்ட நேரமும் சேரும் இடத்தில்தான் எரிவாயு மிக மோசமாக வீணாகிறது.

இங்கே இண்டக்‌ஷனுக்கு எட்டு யூனிட் போதும், 84 ரூபாய். எரிவாயுவில் ஆனது 200. நிலைக்கட்டணம் போக மாதம் 3,100 ரூபாய் மிச்சமாகும். மூன்றரை கிலோவாட் அடுப்பு, அடிகனத்த பாத்திரம், தனி வயரிங் சேர்த்து 25,000 ரூபாய் என்றால் எட்டு மாதத்தில் பணம் திரும்பிவிடும். பெரிய அடுப்புக்கு ஐந்து ஆண்டு, சின்ன அடுப்புக்கு எட்டு மாதம். தராசு இல்லாமல் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் பெரிய சுடர்தான் பார்வையில் படும்.

இட்லி கொப்பரையும் மாற்றத்துக்கு ஏற்றதுதான். ஆனால் அதற்கு இண்டக்‌ஷனே தேவையில்லை. தண்ணீரைக் கொதிக்கவைப்பது மட்டுமே வேலை என்றால், தண்ணீருக்குள்ளேயே மூழ்கியிருக்கும் சாதாரண ஹீட்டர் காயில் 95 சதவீதச் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுத்துவிடும். விலையும் குறைவு. உப்புத் தண்ணீர் ஊர்களில் காயிலின்மேல் வெள்ளையாகக் காரை படியும். படிவு தடித்தால் சூடு தண்ணீருக்குப் போகாமல் காயில் தானே எரிந்துபோகும். வாரம் ஒருமுறை சுரண்டிக் கழுவ ஆள் இருந்தால் இந்தச் சிக்கல் வராது.

தோசைக்கல்லின் கதை வேறு. நான்கடிக்கு இரண்டடி இரும்புத் தகடு ஒன்று 200 டிகிரி சூட்டில் இருக்கும்போது, அதன்மேல் ஒரு தோசைகூட இல்லாவிட்டாலும், காற்றுக்கும் சுற்றுப்புறத்துக்கும் ஏறக்குறைய இரண்டு கிலோவாட் சூட்டை இழந்துகொண்டே இருக்கும். ஒரு தோசை வேக, மாவிலிருக்கும் தண்ணீரில் ஒரு பங்கு ஆவியாவது உட்பட, 0.03 யூனிட் வேண்டும். மணிக்கு 60 தோசை போட்டால் அதுவும் இரண்டு கிலோவாட்டுக்குச் சற்றுக் கீழே. ஆக, கூட்டம் நிறைந்த நேரத்தில்கூடப் பாதிச் சூடு கல்லின் மேற்பரப்பிலிருந்து போய்விடுகிறது. இந்த இழப்பை இண்டக்‌ஷனால் தடுக்க முடியாது, ஏனென்றால் சூடான இரும்பு தன் சூடு எந்த எரிபொருளிலிருந்து வந்தது என்று பார்த்து இழப்பதில்லை. கூட்டம் இல்லாத மூன்று மணி நேரம் கல்லை அப்படியே வைத்திருந்தால் அதிலேயே ஏறக்குறைய ஒரு கிலோ எரிவாயு, நூறு ரூபாய், கரைகிறது. அதற்கு மருந்து, கல்லுக்கடியில் இரண்டு தனித் திருகுள்ள பர்னர்கள். மந்தமான நேரத்தில் ஒரு பக்கத்தை அணைத்துவிட்டு மறுபக்கத்தில் மட்டும் தோசை வார்க்கலாம்.

தோசை மாஸ்டர்கள் பெரிய இண்டக்‌ஷன் கல்லைப் பற்றிச் சொல்லும் குறை ஒன்று உண்டு. வட்டச் சுருளுக்கு மேலே இருக்கும் பகுதி சிவக்க, இடைப்பட்ட பகுதி வெளுத்துப்போகிறது என்பார்கள். அது உண்மைதான். சூடு சுருளுக்கு நேர்மேலேதான் பிறக்கிறது. தகடு தடிமனாக இருந்தால் பக்கவாட்டில் பரவிச் சமமாகும், ஆனால் தடிமன் கூடினால் காலையில் கல் காய எடுக்கும் நேரமும் கூடும். 16 மில்லிமீட்டர் தகட்டில் இந்த அளவு கல் 90 கிலோ எடை இருக்கும்.

அடுப்பின் வலிமை என்று எதைச் சொல்கிறோம் என்பதையும் இங்கே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஃபிரைடு ரைஸ் போடும் பிரஷர் அடுப்பு மணிக்கு ஒன்றரை கிலோ எரிவாயு குடித்தால் அது 19 கிலோவாட். கடாய்க்குள் போவது அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, ஐந்தாறு கிலோவாட்டாக இருக்கலாம். எட்டு கிலோவாட் இண்டக்‌ஷன் கடாய் அடுப்பு ஏழு கிலோவாட் வரை உள்ளே கொடுக்கும். தாளில் பார்த்தால் இண்டக்‌ஷன் ஜெயித்துவிட்டது. ஆனால் மாஸ்டர் கடாயைத் தூக்கிக் குலுக்குகிறார். கடாய் சுருளைவிட்டு விலகும் ஒவ்வொரு முறையும் காந்தப்புலத்தின் பிடி விட்டுப்போய்ச் சூடு நின்றுவிடுகிறது. சுடரோ கடாயின் பக்கங்களிலும் ஏறி, தூக்கியபோதும் அடியைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. எண்ணெய்த் துளிகள் சுடரில் பட்டு எரியும் அந்த வாசனையும் இண்டக்‌ஷனில் கிடையாது. இந்த வேலைக்கு எரிவாயுவை விட்டுவிடுவதே சரி. வீணாகிறது என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

எரிவாயுவின் வலிமைக்கும் ஓர் எல்லை உண்டு, அது பர்னரில் இல்லை, சிலிண்டரில் இருக்கிறது. உள்ளே இருப்பது திரவம். அது ஆவியாக, வெளிக்காற்றிலிருந்து சிலிண்டரின் சுவர்வழியாகச் சூடு வந்தாக வேண்டும். ஒரு சிலிண்டரிலிருந்து மணிக்கு ஒரு கிலோ எடுத்தால் அதற்குச் சுமார் 100 வாட் சூடு தேவை. நம் ஊர் வெயிலில் அது வந்துவிடும். அதற்குமேல் தொடர்ந்து இழுத்தால் திரவம் குளிர்ந்து, சிலிண்டரின் கீழ்ப்பகுதி வேர்த்து, பிறகு வெண்பனி படர்ந்து, அழுத்தம் விழுந்து சுடர் சிறுத்துவிடும். பாதி காலியான சிலிண்டரில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அப்போது சிலிண்டரைப் படுக்கவைப்பதும் வெந்நீரில் நிறுத்துவதும் பல சமையலறைகளில் நடக்கிறது. படுக்கவைத்தால் ஆவிக்குப் பதில் திரவமே ரெகுலேட்டர் வழியாக வெளியேறலாம். ஒரு பங்கு திரவம் இருநூற்றுக்கும் மேற்பட்ட பங்கு வாயுவாக விரியும் என்பதால் சுடர் திடீரென்று ஆளுயரத்துக்கு எழக்கூடும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். பனி படர்ந்தால் சிலிண்டர் எண்ணிக்கை போதவில்லை என்று அர்த்தம். மேனிஃபோல்டில் இன்னொன்றைச் சேர்ப்பதுதான் வழி.

ஆனால் அதற்கும் வரம்பு இருக்கிறது. எரிவாயு உருளை விதிகளின்படி உரிமம் இல்லாமல் ஓரிடத்தில் 100 கிலோ வரைதான் எல்பிஜி வைத்திருக்கலாம். ஐந்து வணிகச் சிலிண்டர் 95 கிலோ. ஆறாவது உள்ளே வந்தால் உரிமமும் அதற்கான இடைவெளி நிபந்தனைகளும் கூடவே வரும். நகரின் நடுவில் நெருக்கமான கட்டடத்தில் இயங்கும் மெஸ்ஸுக்கு, பணக் கணக்கைவிட இந்த இடக் கணக்கே சில அடுப்புகளை மின்சாரத்துக்குத் தள்ளிவிடும்.

பாதுகாப்பு என்றதும் வெடிப்புதான் நினைவுக்கு வருகிறது, அது நியாயம்தான். எல்பிஜி காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு பரவி, மேடைக்கடியிலும் கழிவுநீர்ச் சாக்கடையிலும் தேங்கும். காற்றில் ஏறக்குறைய 2 சதவீதம் கலந்தாலே தீப்பற்றும். ஒரு கிலோ திரவம் அரைக் கனமீட்டர் வாயுவாகிறது. பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்றை முழுவதும் அந்த 2 சதவீதத்துக்குக் கொண்டுவர அந்த ஒரு கிலோவே போதுமானது. ஆகவே கசிவைக் காட்டும் கருவியைக் கூரையில் மாட்டுவதில் பயனில்லை. தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் இருக்க வேண்டும். சிலிண்டர்கள் இருக்கும் அறைக்குக் கீழ்மட்டத்திலும் காற்றுத் திறப்பு வேண்டும். எண்ணெயும் சூடும் படும் ரப்பர் குழாய் வீட்டுக் குழாயைவிட வெகு சீக்கிரம் வெடிப்பு விடும். அதை வளைத்துப் பார்த்தால் கோடுகள் தெரியும்.

வெடிப்பு எப்போதோ நடப்பது. சமையல்காரர்களின் உடம்பில் தினமும் நடப்பது வெப்பம். மதியச் சமையல் உச்சத்தில் மணிக்கு மூன்று கிலோ எரிகிறது என்றால் அது 38 கிலோவாட். அதில் இருபதுக்கு மேல் பாத்திரத்துக்குள் போகாமல் அறைக் காற்றில் கலக்கிறது. அவ்வளவு சூட்டை வெளியேற்ற ஒன்றரை டன் ஏசி நான்கு தேவைப்படும். கூடவே ஒவ்வொரு கிலோவும் மூன்று கிலோ கரியமில வாயுவையும் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவியையும் விடுகிறது. சித்திரை வெயிலில் வேர்வை உலராமல் போவதற்கு அந்த நீராவியும் ஒரு காரணம். புகைபோக்கி சரியாக இழுக்காத இடத்தில் கார்பன் மோனாக்சைடும் சேரும். அதற்கு வாசனை கிடையாது, தலைவலிதான் முதல் அறிகுறி. இந்த இழப்பு எந்தச் செலவுப் பட்டியலிலும் வருவதில்லை. அடுப்பின் முன்னால் பத்து மணி நேரம் நிற்பவர்தான் அதைச் சுமக்கிறார். டீ அடுப்பும் இட்லி கொப்பரையும் மின்சாரத்துக்கு மாறினாலே அறையின் சூடு கண்கூடாகக் குறையும் என்பதை ரூபாய்க் கணக்குக்கு நிகராகவே வைத்துப் பார்க்க வேண்டும்.

இண்டக்‌ஷனில் சுடர் இல்லை என்பதால் ஆபத்தே இல்லை என்று எண்ணுவதும் தவறு. காலியான சட்டியோ கொஞ்சம் எண்ணெயுள்ள சட்டியோ அதன்மேல் இருந்தால் எரிவாயுவைவிட வேகமாகச் சூடேறும். கண்ணாடிக்கடியில் இருக்கும் வெப்ப உணரி, அடி வளைந்த சட்டியின் சூட்டைச் சரியாகப் படிக்காது. சுடரே இல்லாமல் எண்ணெய் தானாகத் தீப்பிடிக்கும் நிலைக்குப் போய்விடும். தீயணைக்கும் போர்வையும் மூடியும் அங்கேயும் அவசியம். தண்ணீர் எங்கேயும் கூடாது.

மின்சாரத்தின் ஆபத்து பெரும்பாலும் பிளக்கில்தான் தொடங்குகிறது. மூன்றரை கிலோவாட் அடுப்பு 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 16 ஆம்பியர் சாக்கெட்டில் செருகி நாள் முழுக்க ஓட்டினால் பிளக்கின் பின்கள் காய்ந்து, பிளாஸ்டிக் பழுத்து, ஒரு நாள் உருகும். கையை வைத்தால் பிளக் சுடுகிறதா என்று பாருங்கள். சுட்டால் சாக்கெட்டை விட்டுவிட்டுத் தனி சுவிட்சோடு நேரடி இணைப்பு கொடுக்க வேண்டும். தரையைக் குழாய்வைத்துக் கழுவும் சமையலறையில் 30 மில்லியாம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் பிரேக்கரும் முறையான எர்த்தும் இல்லாமல் எந்த அடுப்பையும் ஓட்டக் கூடாது. அடுப்புக்கடியில் காற்று இழுக்கும் விசிறியின் வலையில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்தால் உள்ளிருக்கும் மின்னணுப் பாகங்கள் கொதித்து அடுப்பு தானாக நின்றுவிடும். எரிவாயு அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்தால் இது அடிக்கடி நடக்கும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் இரண்டடி தள்ளி நிற்க வேண்டும்.

பாத்திரங்களைப் பற்றிப் பேசாமல் பட்ஜெட் போட்டவர்கள் பிறகு வருந்துவார்கள். நம் ஓட்டல்களின் அலுமினிய அண்டாவும் பித்தளைக் குண்டானும் இண்டக்‌ஷனில் சூடாகாது. எவர்சில்வர் என்று விற்கப்படும் எல்லாமும் சூடாகிவிடாது. காந்தம் ஒட்டாத ரகம் அதில் ஏராளம். ஒரு காந்தத்தை எடுத்து ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் வைத்துப் பாருங்கள். பலமாக ஒட்டினால் ஆகும், லேசாக ஒட்டினால் அடுப்பு முழு வலிமையைக் காட்டாது. அடி தட்டையாகவும் இருக்க வேண்டும். 40 லிட்டர் சாம்பாரோடு பாத்திரத்தைக் கண்ணாடியின்மேல் தொப்பென்று வைக்கும் பழக்கமும் மாற வேண்டும்.

இந்த மெஸ்ஸுக்கு நான் சொல்லும் வரிசை இது: டீ அடுப்பு முதலில், இட்லி கொப்பரைக்குக் காயில் அடுத்து. இரண்டும் சேர்ந்து பத்து கிலோவாட்டுக்குள் அடங்கும். பெரிய அடுப்புகளைப் பர்னர் சரிசெய்து ஆறு மாதம் எடைபோட்ட பிறகு யோசிக்கலாம். தோசைக்கல்லும் எண்ணெய்ச் சட்டியும் இப்போதைக்கு எரிவாயுவிலேயே இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றினால் மொத்த மின்பளு 50 கிலோவாட்டை நெருங்கிவிடும். அந்த எல்லையைத் தாண்டினால் கிலோவாட்டுக்கான நிலைக்கட்டணம் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. அது கூடுதல் பகுதிக்கு மட்டும் அல்ல, மொத்தப் பளுவுக்கும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறதா என்பதை மின்வாரிய அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டும்.

மின்வெட்டுக்கு ஜெனரேட்டரை நம்பினால் ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்று யூனிட்டைச் சற்றுத் தாண்டிக் கிடைக்கும். ஒரு யூனிட் முப்பது ரூபாயை ஒட்டி வரும். அந்த விலையில் இண்டக்‌ஷனில் பால் காய்ச்சுவதைவிட, பழைய டீ அடுப்பைக் கழற்றிப் போடாமல் குழாயோடு ஒரு மூலையில் வைத்துக்கொண்டு, கரண்ட் போன நேரத்தில் மட்டும் பற்றவைப்பது மலிவு.